ஒரு காதுக்கு 58,000 ரூபாயில் ஒன்றா, இரண்டு காதுக்கும் 55,000 ரூபாயில் இரண்டா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. மதுரை செல்லூரில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். இப்போது தாய்மாமாவின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருகிறார். போன மாதம் கால் கிலோ பருப்பு கேட்ட ஒரு அம்மாவுக்கு நாலு கிலோ கட்டிக் கொடுக்கச் சொல்லி, கடையில் ஒரே களேபரம். காது மிஷின் கடையில் டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். 58,000 ரூபாய்க்கு ஒரு 16 சேனல் மிஷின், ஒரு காதுக்கு மட்டும் போதும் என்கிறார்கள். அதே கம்பெனியில் சாதாரண மாடல் ஒன்று 27,500. சீட்டு எடுத்த பணம் 60,000 கையில் இருக்கிறது. நல்லதாக ஒன்று வாங்குவதா, சுமாராக இரண்டு வாங்குவதா? டாக்டர் மேடம்தான் சொல்ல வேண்டும்.

பதில்: முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, ஆடியாலஜிஸ்ட். காது எவ்வளவு கேட்கிறது என்று அளப்பதும் கருவியைப் பொருத்துவதும் என் வேலை. காதுக்குள் என்ன நோய் என்று பார்ப்பது காது மூக்கு தொண்டை மருத்துவர் வேலை. இதைச் சும்மா சொல்லவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த மருத்துவர் பார்த்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரிப்போர்ட் சரியாக எடுத்ததாக இருந்தால், 27,500 ரூபாய் கருவியில் இரண்டு வாங்குங்கள். ஏன் என்பதை ரிப்போர்ட்டை வைத்தே பார்ப்போம்.

அந்தக் கட்டம் போட்ட தாளில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இடமிருந்து வலமாகப் போகப் போக ஒலி கீச்சென்று உயரும். மேலிருந்து கீழே வர வரக் காது மந்தம் கூடும். அப்பாவுக்கு வலது காதில் 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் முறையே 40, 50, 60, 70 டெசிபல். இடது காதில் 45, 50, 65, 75. இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று ஐந்து டெசிபலுக்கு மேல் எங்கும் விலகவில்லை. தறிக்காரர்களுக்கு இப்படி இருப்பது வழக்கம்தான். தறிச் சத்தம் அறை முழுக்க அடித்து இரண்டு காதையும் சேர்த்தே தேய்த்திருக்கும், வயதும் தன் பங்குக்குக் கொஞ்சம் தேய்த்திருக்கும். முதல் மூன்று எண்களின் சராசரி வலது காதுக்கு 50, இடதுக்கு 53. இரண்டுமே நடுத்தர அளவுக் கேட்புக் குறை. நல்ல காது, கெட்ட காது என்று பிரிக்க இங்கே ஒன்றும் இல்லை.

இப்போது அந்தக் கால் கிலோ விஷயம். 'கால்' என்ற சொல்லில் 'ஆ' கனமான ஒலி, தாழ்ந்த பக்கத்தில் நிற்பது, அது அப்பாவுக்கு விழுந்துவிடும். முன்னால் வரும் 'க்' ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு நேரம் வெடித்துப் போகும் மெலிந்த ஒலி. அதன் பலம் பெரும்பாலும் 1500 ஹெர்ட்ஸுக்கு மேலேதான், அப்பாவின் கோடு சரியும் அதே பக்கம். அவர் காதில் விழுந்தது "ஆல்... கிலோ" மட்டும். மிச்சத்தை மூளை இட்டு நிரப்பியது. தினமும் நாலு கிலோ அரிசி கேட்கிற கடையில் அது 'நாலு' என்று நிரப்பினால் அதைக் குறை சொல்ல முடியாது.

ஒரு காதா இரண்டு காதா என்பது இந்த 'க்'கிலேயே அடங்கியிருக்கிறது. தாழ்ந்த ஒலி தலையைச் சுற்றி வளைந்து அடுத்த பக்கம் போய்விடும். உயர்ந்த ஒலி அப்படி வளையாது. ஒரு பக்கமிருந்து வருகிற கீச்சொலி எதிர்க் காதுக்குப் போய்ச் சேரும்போது 15 முதல் 20 டெசிபல் வரை குறைந்துவிடும். நடுவில் தலை மறிக்கிறது, அவ்வளவுதான். சுவருக்குப் பின்னால் நின்று பேசினால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாதே, அதே கதை. 58,000 ரூபாய்க் கருவியை வலது காதில் போட்டுவிட்டு அப்பா கல்லாவில் உட்கார்ந்தால், இடது பக்கம் நின்று கேட்பவரின் 'க்' அந்தக் கருவிக்கே சரியாகப் போய்ச் சேராது. சேனல் என்பது கருவி ஒலியைப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பகுதி. வந்து சேராத ஒலியைப் பதினாறு சேனல் என்ன, நாற்பது சேனல் இருந்தாலும் பெரிதாக்க முடியாது. இரண்டு காதிலும் கருவி இருந்தால், யார் எந்தப் பக்கம் நின்றாலும் ஏதாவது ஒரு காது பேசுபவரின் பக்கம் இருக்கும். விலை உயர்ந்த ஒற்றைக் கருவியால் செய்ய முடியாததும், சாதாரணமான இரண்டாவது கருவி செய்வதும் இதுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு காதும் ஒரே ஒலியை வாங்கினால் மூளைக்கு அது இன்னும் உரக்கக் கேட்கும். அதனால் ஒவ்வொரு கருவியையும் சில டெசிபல் குறைத்தே வைக்கலாம், வைக்கவும் வேண்டும். குறைத்து வைத்தால் கருவியிலிருந்து வரும் 'கூ' என்ற விசிலும் குறையும். அப்புறம் திசை. ஒரு காதில் மட்டும் கருவி போட்டவர்களுக்கு எல்லாச் சத்தமும் கருவி போட்ட பக்கத்திலிருந்து வருவது போலவே இருக்கும். கோரிப்பாளையம் சிக்னலில் பின்னால் ஆரன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். இதை என்னிடம் வருகிறவர்கள் தாங்களாகச் சொல்வதில்லை. நான் கேட்டால்தான் "ஆமா மேடம், அப்படித்தான் இருக்கு" என்பார்கள்.

சரி, 58,000 ரூபாய்க் கருவியில் அப்படி என்னதான் இருக்கிறது? இரைச்சலைக் குறைக்கும் வசதி கொஞ்சம் நுணுக்கமாக இருக்கும், போனோடு நேரே இணையும். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் காசுக்குத் தக்க வித்தியாசம் காதில் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் என்பவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. லேசான, நடுத்தரக் கேட்புக் குறை உள்ள பெரியவர்களுக்கு, இரண்டு காதிலும், சாதாரண வகைக் கருவியையும் உயர்ரக வகைக் கருவியையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அன்றாட வாழ்க்கையில் எது உதவியது என்று பார்த்தார்கள். 2014இலும் 2016இலும் வந்த அவர்களின் முடிவுகளில், கருவி போட்டதால் பலன் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் உயர்ரகம் சாதாரணத்தைவிட மேல் என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. இரண்டு வகையையும் அவர்கள் கவனமாக, அளந்து பொருத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எனக்குப் பிடிபட்டதும் இதுவே. பொருத்துகிற கையில்தான் பாதிப் பலன், மாடல் பெயரில் அவ்வளவு இல்லை.

நான் முதன்முதலில் வேலை பார்த்த இடத்தில் மாதத்துக்கு இத்தனை உயர்ரகக் கருவி விற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. ஓய்வு பெற்ற ஒரு அம்மாவுக்கு, அவர் கையில் இருந்த மொத்தக் காசுக்கும் சேர்த்து, ஒரே ஒரு விலை உயர்ந்த கருவியை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எட்டு மாதம் கழித்து மகள் வந்து, பீரோவில் இருக்கிறது என்றார். இடது பக்கம் உட்காரும் பேரன் பேசுவது கேட்கவில்லையாம். அன்றிலிருந்து, காசு எவ்வளவு என்று கேட்ட பிறகு அதை முதலில் இரண்டால் வகுத்துவிட்டுத்தான் மாடலைப் பார்க்கிறேன்.

பட்டறிவு ஒரு பக்கம் இருக்கட்டும், ஐந்து வருஷக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு கருவி சாதாரணமாக ஐந்து வருஷம் உழைக்கும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அதைத் தாண்டி ஓடினால் அதிர்ஷ்டம். காதின் பின்னால் மாட்டும் வகைக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13ஆம் எண் பேட்டரி போடுவார்கள். அது ஏறத்தாழ இரண்டு வாரம் வரும், ஆக ஒரு காதுக்கு வருஷத்துக்கு 26. ஒன்று 50 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,300. ஒற்றைக் கருவி 58,000, பேட்டரி 6,500, மொத்தம் 64,500. இரண்டு கருவி 55,000, பேட்டரி 13,000, மொத்தம் 68,000. வித்தியாசம் ஐந்து வருஷத்துக்கு 3,500 ரூபாய். மாதம் அறுபது ரூபாய்கூட ஆகாது. இரண்டு காதுக்குமான மொத்தச் செலவைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 37 ரூபாய் சொச்சம். காதின் அளவுக்கு வார்த்து எடுக்கும் மோல்டுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். அதையும் விலைக்குள் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாங்குகிறவருக்கு ஜோடி விலை என்று ஒன்று உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். அச்சடித்த விலையில் பேரம் பேச நிறைய இடம் இருக்கிறது, கூச்சப்பட வேண்டாம். கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் அது ஏறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விலை குறைந்தது என்றால் எதுவும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வருவதெல்லாம் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி உரக்க ஆக்கும் பெட்டி, அது காது கேட்கும் கருவி இல்லை. அப்பாவுக்கு 500 ஹெர்ட்ஸில் கொஞ்சமும் 4000 ஹெர்ட்ஸில் நிறையவும் ஏற்ற வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் செட் செய்கிற டிஜிட்டல் கருவிதான் அதைச் செய்யும். 27,500 ரூபாய் மாடலில் நான் கேட்கச் சொல்வது மூன்றே விஷயம். இரண்டு மைக் வைத்து முன்னால் பேசுபவரை எடுத்துக் கொடுக்கும் வசதி இருக்கிறதா, விசிலை அடக்கும் வசதி இருக்கிறதா, அப்பாவின் குறை இன்னும் 15 டெசிபல் கூடினாலும் அந்தக் கருவிக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி இருக்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் போதும். சேனல் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காதுக்குள் ஸ்பீக்கர் போகும் சின்ன வகையைக் காட்டி "வெளியே தெரியாது சார்" என்பார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அழுக்கும் வியர்வையும் அடைத்து அடிக்கடி நிற்கும். மளிகைக் கடைத் தூசியில் உட்காருகிறவருக்கு, மோல்டோடு காதின் பின்னால் மாட்டுவதே தோது, வயதான விரலுக்கும் அதுதான் பிடிபடும்.

இரண்டு காதுக்கும் என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்கு இன்னொரு காரணம், கருவி போடாத காதுக்கு என்ன ஆகிறது என்பது. 1984இல் சில்மன், கெல்ஃபாண்ட், சில்வர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு காதிலும் ஒரே அளவு குறை உள்ளவர்களை நாலைந்து வருஷம் கழித்து மறுபடி சோதித்தார்கள். ஒரு காதில் மட்டும் கருவி போட்டவர்களுக்கு, போடாத காதில் சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன் இறங்கியிருந்தது. ஒலி விழும் அளவில் பெரிய மாற்றம் இல்லை, சொல்தான் புரியவில்லை. இரண்டிலும் போட்டவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. பிறகு அந்தக் காதுக்குக் கருவி போட்டால் சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. ஆனால் இதை வைத்துப் பயமுறுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். "இன்றே இரண்டும் வாங்காவிட்டால் அந்தக் காது செத்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது வருஷக்கணக்கில் நடப்பது. ஆறு மாதம் காசு சேர்த்து இரண்டாவது வாங்கினால் குடி முழுகிவிடாது.

அப்படியானால் எல்லோருக்கும் இரண்டுதானா என்றால், இல்லை. ஒரு காது நன்றாகக் கேட்கிறவருக்கு மற்றதற்கு மட்டும் போதும். ஒரு காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தால் மோல்டு போட்டு அடைக்கக் கூடாது, வைத்தியம்தான் முதலில். ஒரு காதில் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் சொல் புரியவே புரியாது என்ற நிலை இருந்தால் அங்கே கருவி போட்டு வீண். இவை தவிர, ரிப்போர்ட்டில் தெரியாத ஒன்றும் உண்டு. வயதானவர்களில் சிலருக்கு இரண்டு காதிலிருந்தும் வரும் ஒலியை மூளையால் ஒன்றாகச் சேர்க்க முடியாது, ஒன்று மற்றதைக் குழப்பும். என்னிடம் வந்த 79 வயது ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் "ரெண்டு போட்டா ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசற மாதிரி இருக்கும்மா" என்றார். முதலில் பழக்கக் கோளாறு என்றே நினைத்தேன். சோதித்தபோது வலது காதில் மட்டும் போட்டால் 25 சொல்லில் 19, இரண்டிலும் போட்டால் 13. வேறொரு நாள் மறுபடி பார்த்தேன், அதே மாதிரிதான் வந்தது. இடது கருவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டோம்.

அதனால் காசைக் கட்டுவதற்கு முன்னால் நீங்களும் இதைச் செய்யச் சொல்லுங்கள். கருவிகளை அப்பாவின் ரிப்போர்ட்டுக்கு செட் செய்து மாட்டிய பிறகு, அறையில் ஃபேனை ஓடவிட்டு, நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள். உதடு தெரியாமல் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, சாதாரணக் குரலில் 25 தனிச் சொற்களை வாசியுங்கள். கத்தக் கூடாது. முதலில் வலது மட்டும், பிறகு இடது மட்டும், பிறகு இரண்டும். ஒவ்வொரு தடவைக்கும் வேறு சொற்கள் வேண்டும், இல்லாவிட்டால் அப்பா ஞாபகத்திலிருந்து சொல்லிவிடுவார். நேர் எதிரே உட்கார்ந்து ஒரு சுற்று, இடது பக்கம் உட்கார்ந்து ஒரு சுற்று. பொதுவாக, எதிரே உட்காரும்போது ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சமாகத்தான் இருக்கும், பக்கவாட்டில்தான் பளிச்சென்று தெரியும். கடைக்காரர் எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு "பாருங்க, ஒண்ணே போதும்" என்று சொல்வது எப்படி என்று இப்போது புரிந்திருக்கும். இரண்டும் போட்டால் ஒன்றைவிட நாலைந்து சொல் குறைந்து வந்தால் இன்னொரு நாள் மறுபடி பாருங்கள். அப்போதும் குறைந்தால் அப்பாவும் அந்த வாத்தியார் ரகம், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றிரண்டு சொல் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை.

இதே காரணத்தால், ரிப்போர்ட்டில் வலது 84 சதவீதம், இடது 76 சதவீதம் என்று போட்டிருப்பதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். 25 சொல்லில் 21, 19 என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். வித்தியாசம் இரண்டே சொல். "வலது காது நல்ல காது, அதுக்கு மட்டும் போடுங்க" என்று இதைக் காட்டிச் சொல்லியிருந்தால், அது எண்ணை வைத்து ஆடும் ஆட்டம்.

ஒருவேளை காசு வேறு வழியில் போய்விட்டது, இப்போதைக்கு 27,500 மட்டும்தான் என்று நிலைமை வந்தால்? எந்தக் காது என்பதற்கு எங்களிடம் ஒரு பழைய விதி உண்டு. இரண்டு காதும் 55 டெசிபலுக்குள் இருந்தால் சற்று மோசமான காதுக்குப் போடு, ஏனென்றால் மற்றது ஓரளவு தானே சமாளிக்கும். இரண்டும் 80ஐத் தாண்டினால் சற்று நல்ல காதுக்குப் போடு. நடுவில் இருந்தால் சொல் எந்தக் காதில் நன்றாகப் புரிகிறதோ அதற்கு. அப்பா முதல் வகை, எனவே இடது. கல்லாவுக்கு வாடிக்கையாளர் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இடது பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம். வலது பக்கம் என்றால் கல்லா மேஜையைத் திருப்பிப் போட மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், அதற்குக் காசு ஆகாது. போனை அவர் வலது காதில் வைத்துப் பேசுகிறவராக இருந்தால் இடதில் கருவி போடுவது அதற்கும் வசதி. பின்னால் இரண்டாவது வாங்கும் எண்ணம் இருந்தால் அதே மாடல் அப்போதும் கிடைக்குமா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு வருஷத்தில் மாடல் நின்றுவிடும், வேறு மாடலோடு அது பேசாது, ஒன்றில் சத்தத்தைக் கூட்டினால் மற்றது கூடாது.

அரசு வழியையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளி சான்று வாங்கினால் கருவி இலவசம் என்று யாராவது சொல்லி அலையவிடுவார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கேட்புக் குறையுள்ள மாற்றுத்திறனாளி. அப்பாவின் 50, 53 அதற்குள் வராது. ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்று மத்திய அரசுத் திட்டம் தனியாக இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள், அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு முகாம் போட்டு அளந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அடுத்த முகாம் எப்போது என்று கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள். அங்கே கிடைப்பது எளிமையான கருவிதான், ஆனாலும் இரண்டாவது காது சும்மா கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இப்போது ஆரம்பத்தில் விட்ட இடம். ரிப்போர்ட்டில் ஹெட்ஃபோன் வழியாக எடுத்த அளவு மட்டும்தான் இருக்கிறது. காதின் பின் எலும்பில் வைத்து எடுக்கும் அளவு இல்லை. அது இல்லாமல், குறை உள்காதில் இருக்கிறதா, செவிப்பறைப் பக்கம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. குறும்பி அடைத்திருந்தாலே 30 டெசிபல் வரை போகும். கடையின் முன் அறையில், ரோட்டுச் சத்தத்துக்கு நடுவே எடுத்திருந்தால் தாழ்ந்த ஒலிகளின் எண்ணும் மாறியிருக்கும். ராஜாஜி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, காதைச் சுத்தம் செய்து, சத்தம் புகாத அறையில் இரண்டு அளவையும் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கூட்டம் இருக்கும், அரை நாள் போகும். 55,000 ரூபாய்க்கு முன்னால் அரை நாள் பெரிதில்லை. புதிய அளவில் இரண்டு காதுக்கும் 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல், தலைசுற்றல் இருந்தாலோ, நான் மேலே சொன்னதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மருத்துவர் சொல்கிறபடி ஸ்கேன் பாருங்கள்.

பொருத்திய பிறகு முதல் இரண்டு வாரம் அப்பா திட்டுவார். பாத்திரம் கழுவும் சத்தம் இடி போல இருக்கும், தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் என்று ஆரம்பித்துக் கூட்டலாம், ஆனால் போடும்போது இரண்டையும் போட வேண்டும். எப்போதும் ஒன்றைக் கழற்றி டப்பாவில் வைக்கிறார் என்றால் அது எந்தக் காது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அந்தப் பக்க மோல்டு குத்துகிறது, அல்லது இரண்டின் சத்தமும் சமமாக இல்லை. இரண்டையும் சரிசெய்துவிடலாம், வீம்பு என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். கருவி தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பல மாடல்களில் பதிவாகும். அடுத்த தடவை போகும்போது கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னால் இடது, வலது தனித்தனியாகத் தெரியும்.

பொருத்தும் நாளில் மாமாவையும் கூட்டிப் போங்கள். அந்த 25 சொல் வாசிப்பில் அவர் குரலும் இருக்கட்டும். கடைசிச் சுற்றில் இடது பக்கம் நின்று 'கால் கிலோ', 'நாலு கிலோ' என்று மாற்றி மாற்றிப் பத்து தடவை சொல்லச் சொல்லுங்கள், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பத்தில் ஒன்பது தடவையாவது சரியாக வரும்வரை செட்டிங்கை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பில்லை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.